வாக்குச்சீட்டில் முதல் வரி

கோரிப்பாளையத்தில் சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன். கடைக்காரர் சங்கத்தின் செயலாளர் தேர்தலுக்கு வாக்குச்சீட்டும் வாக்காளர் பட்டியலும் அடிக்கும் வேலை எனக்கு வந்தது. பெயர்கள் தமிழ் அகரவரிசையில் இருக்க வேண்டும் என்பது விதி.

போட்டியிட்ட இருவரும் பெண்கள். இருவர் பெயரும் ‘வ’வில் தொடங்கும். அடுத்த எழுத்து தையல் கடை அக்காவுக்கு ‘னி’, மருந்துக்கடை அம்மாவுக்கு ‘ள்’. கணினி அக்காவை மேலே போட்டது.

மாதிரியைப் பார்க்க வந்த அக்கா முகம் சுளித்தார். “என் பேரு எப்புடி மேல வந்துச்சு தம்பி? மெய்யெழுத்துல ‘ன்’ தானே கடைசி?”

“கம்ப்யூட்டர் அடுக்குனதுக்கா.”

“அப்ப அது தமிழ் படிக்கல.”

உண்மைதான். எழுத்துகளுக்குத் தந்திருக்கும் குறியீட்டு எண்களைப் பார்த்தே அது அடுக்கியிருந்தது. அதில் ‘ந’வுக்கு அடுத்தே ‘ன’ வந்துவிடுகிறது. வாக்காளர் பட்டியலிலும் ‘ஜ’ பெயர்கள் ‘ச’வுக்கும் ‘ஞ’வுக்கும் நடுவில் புகுந்திருந்தன.

கூட வந்த அவர் கணவர், “முதல்ல இருந்தா நாலு ஓட்டு கூட விழும், விடு,” என்றார்.

“அந்த நாலும் எனக்கு வேணாம்,” என்றார் அக்கா.

தமிழ் வரிசை விதியைக் கொடுத்து எல்லாவற்றையும் மறுபடி அடுக்கினேன். ‘ஜ’ பெயர்கள் ‘ன’வுக்கும் பின்னால் போயின. அக்கா இரண்டாம் வரிக்கு இறங்கினார்.

தேர்தலில் கொஞ்ச வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். மறுநாள் அவர் தையல் கடைக்குப் போய், வருத்தமா என்று கேட்டேன். மிஷினை நிறுத்தாமலே சிரித்தார்.

“அத எம்புட்டு நேரம் நெனைக்கிறது? அந்தக் கத்தரிய எடுங்க தம்பி.”

இந்த ஊரில் நான் யாரையும் அவ்வளவு மதித்ததில்லை.