ஐந்தாவது முள்

எங்கள் லேபில் வெளியிலிருந்து வரும் எக்ஸாமினருக்கு மதியம் பிரியாணி வாங்கித் தருவது எழுதாத சட்டம். பிரியாணிக்குப் பிறகு வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு, என்றால் பாதி பாஸ் ஆன மாதிரி. குஜிலியம்பாறை யுவராணியின் முறை வந்தது பிரியாணிக்குச் சற்று முன்னால். அவள் ராசி அப்படி.

மானாவாரி நிலத்துக்காரர் மகள். எதற்கும் அவசரப்பட மாட்டாள். அந்த நிதானத்தைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பேப்பர் எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். இந்த சிக்னல்ஸ் லேப் ஒன்றுதான் அரியர். போன முறை சதுர அலைக்குள் கலந்திருக்கும் இரண்டு மடங்கு அதிர்வெண், அதாவது இரண்டாவது ஹார்மோனிக், பூஜ்யம் என்று எழுதிவிட்டு, திரையில் அந்த இடத்தில் ஏன் முள் மாதிரி கோடு நிற்கிறது என்று கேட்டதில் மாட்டிக்கொண்டு ஃபெயிலானாள். ஓசூரில் ஒரு கம்பெனி அவளுக்காகச் சீட்டைப் பிடித்து வைத்திருந்தது; எக்ஸாமினர் காதுக்கும் அது போயிருந்தது. இதிலும் விழுந்தால் டிகிரி இல்லை, வேலையும் இல்லை.

லேபில் அலையை உண்டாக்கும் ஜெனரேட்டர் ஒன்றே ஒன்றுதான் ஒழுங்காக ஓடும். அதிலும் அலை எவ்வளவு நேரம் மேலே நிற்க வேண்டும் என்று சொல்லும் குமிழ், நடுக்கோட்டில் வைத்தாலும் நடுவில் நிற்காது. எங்களுக்கெல்லாம் அது தெரியும். ஆனாலும் புத்தகத்தில் உள்ளபடி இரட்டைப்படை ஹார்மோனிக் எல்லாம் பூஜ்யம் என்றே எழுதுவோம்.

அன்றும் அதே குமிழ், அதே முள். நான் பக்கத்து மேசையிலிருந்து கிசுகிசுத்தேன்.

"ஜீரோன்னு எழுதிட்டுப் போயேண்டி."

"போன தடவ அதான எழுதுனேன், சுகன்யா" என்றாள். திரையில் கட்டங்களை எண்ணினாள். பிறகு இரண்டாவது முள்ளுக்கு நேராகத் தான் கண்ட அளவையே எழுதினாள்.

எக்ஸாமினர் நாச்சிமுத்து சார் பழனிப் பக்கம். மரியாதையாகப் பேசியபடியே ஃபெயில் போடுபவர் என்று பெயர். முதலில் கொசைனைக் கேட்டார்.

"ஏம்மா, கொசைனோட ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்ம் சொல்லுங்க."

"ரெண்டு இம்பல்ஸ் சார். அதோட அதிர்வெண்ல ஒண்ணு, மைனஸ் பக்கம் ஒண்ணு. ரெண்டுக்கும் எடை பை (π)."

"பைங்கறது உயரமுங்களா?"

"இல்ல சார், பரப்பு. அலை முடியாமப் போய்க்கிட்டே இருக்குறதால பலம் பூராவும் அந்த ஒரே இடத்துல குவியுது. உயரம்னு சொல்ல முடியாது. திரையில நாம கொஞ்ச நேரத்த மட்டும் வெட்டிப் பாக்குறோம், அதான் உயரமுள்ள முள்ளாத் தெரியுது."

அவர் தாளைப் பார்த்தார். முகம் இறுகியது.

"சதுர அலைக்கு ஒத்தைப்படைதானே வரணும்? ரெண்டாவது எங்கிருந்து வந்துச்சு?"

எங்கள் லேபைப் பார்த்துக்கொள்ளும் தீபா மேடம் வாய் திறந்து மூடிக்கொண்டார். வெளி எக்ஸாமினர் கேட்கும்போது கல்லூரி ஆசிரியர் பேசக்கூடாது. அதுவும் எழுதாத சட்டம்.

"மேலயும் கீழயும் சரிபாதியா நின்னாத்தான் ரெண்டாவது விழாது சார். இது அஞ்சு கட்டத்துல ரெண்டு கட்டந்தான் மேல நிக்கிது. முள்ளெல்லாம் அதே ஹார்மோனிக் எடத்துலதான். எடைதான் மாறிருச்சு."

"குமிழ் கோளாறுன்னு யாரு வேணாலும் சொல்லலாமுங்க. நெசம்னு எப்படி நம்பறது?"

யுவராணி தாளின் ஓரத்தில் சைன் போட்டு, ஒவ்வொரு ஹார்மோனிக்குக்கும் எடையைக் கணக்குப் பார்த்தாள். அவர் பொறுமையாக நின்றார். அவள் நிமிர்ந்தாள்.

"அஞ்சாவது இருக்கக் கூடாது சார். சரிபாதி அலையா இருந்தா, மொத முள்ளுல அஞ்சுல ஒரு பங்கு இருக்கும். இதுல சைன் பூஜ்யமாயிருது."

திரையில் அப்போது நான்காவது முள் வரைதான் தெரிந்தது. ஐந்தாவதை யாருமே பார்த்திருக்கவில்லை. நாச்சிமுத்து சார் தானே திரைப்பெட்டியின் குமிழைத் திருகி அதன் எல்லையை விரித்தார். நான்காவது நின்றது. தள்ளி ஆறாவது எட்டிப் பார்த்தது. நடுவில், ஐந்தாவதுக்கான இடத்தில், புல் மாதிரித் தரையோடு ஆடும் இரைச்சல்தான் இருந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி பார்த்தார்.

"ஓசூருக்கு எப்பம்மா போறீங்க?"

"பாஸானா... திங்கக்கெழமை சார்."

"துணிமணி எடுத்து வெச்சுக்கங்க."

யுவராணி ஸ்டூலில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். எனக்குச் சந்தோஷத்தில் அவளை ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது. அந்த நேரம் பார்த்துப் பிரியாணியும் வந்து சேர்ந்தது.

நாச்சிமுத்து சார் பொட்டலத்தைத் தொடவில்லை. மேசையில் அடுக்கியிருந்த மற்றவர்களின் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். கடைசியாக என்னுடையது.

"ஏனுங்க மேடம்," என்றார் தீபா மேடத்திடம், "இருக்கறது ஒரே ஜெனரேட்டர்தானே. மத்தவங்க அத்தன பேருக்கும் ரெண்டாவது எப்படிங்க ஜீரோ வந்துச்சு?"