மேஸ்திரியோடும் மேஸ்திரியிடமும்

பட்டம் பெற்ற மறு ஆண்டு, இராயபுரத்தில் தொழிலாளர்களுக்கென்று இருந்த ஒரு வாசகசாலையில், ஞாயிறு பிற்பகல்களில் தமிழ் எழுதக் கற்பிக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். வந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தாய்மொழி தெலுங்கு, சிலருக்கு உருது. எல்லாரும் தமிழ் பேசுவார்கள். எழுத உட்கார்ந்தால்தான் வீட்டு மொழி வெளியே வரும். அவர்களுடைய வாக்கியங்களைத் திருத்துவது தேசத்துக்கு நான் செய்யும் தொண்டு என்று நம்பினேன். சிவப்பு மையைத் தாராளமாகவே செலவழித்தேன்.

அவர்களில் ஒருவர் துறைமுகத்தில் விஞ்சு ஓட்டுபவர். கப்பலிலிருந்து சரக்கைக் கயிற்றில் கட்டித் தூக்கி இறக்கும் இயந்திரம் அது. என்னைவிட இருபது வயது மூத்தவர். தெலுங்கில் கடிதம் எழுதுவார். என்னைப் ‘பந்துலு’ என்றே அழைப்பார். வாத்தியார் என்று பொருள். முதல் மாதத்தில் அவர் எழுதிய ஒரு வாக்கியம் வகுப்பையே சிரிக்கவைத்தது: ‘என் மனைவி சந்தைக்குப் போய் வந்தது.’

பக்கத்தில் அமர்ந்திருந்த கொருக்குப்பேட்டைச் சரக்குக் கொட்டகைத் தொழிலாளி ஒருவர் விடவில்லை. “இன்னா நைனா, உன் வூட்ல பொண்டாட்டி வந்துச்சா, பூனை வந்துச்சா?”

“எங்க பாஷையில பொம்பளைக்கும் அப்டிதாம்பா. இத்த என் வூட்ல போய்ச் சொல்லிடாதே. அப்பறம் சோறு வராது” என்றார் விஞ்சுக்காரர்.

நானும் சிரித்தேன். ‘வந்தது’ என்பதை அடித்து ‘வந்தாள்’ என்று எழுதினேன். ஏன் அப்படி எழுதினார் என்று அதற்குமேல் எண்ணிப் பார்க்கவில்லை.

சில வாரங்களுக்குப் பின் அவர் முகம் வாடி வந்தார். முந்திய வாரம் அவர் தூக்கிய சரக்கு, கயிறு அறுந்து விழுந்திருந்தது. கீழே நின்ற கூலியாள் ஒருவரின் கால் நசுங்கிவிட்டது. அஜாக்கிரதையாகத் தூக்கியதாக இவர்மேல் குற்றம் சாட்டி, வேலையிலிருந்து நிறுத்திவைத்திருந்தார்கள். திங்கட்கிழமை காலைக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும்; தமிழில் தந்தால், தலைமைக் குமாஸ்தா அதை ஆங்கிலமாக்கித் துரையின் மேசைக்கு அனுப்புவார். விளக்கம் ஏற்கப்படாவிட்டால் பதினெட்டு ஆண்டு வேலை போய்விடும். வேறொருவரைக் கொண்டு எழுதுவிக்க அவர் விரும்பவில்லை. “என் கையால எழுதிட்டேன் பந்துலு. நீ தப்பு மட்டும் பாரு” என்று தாளை நீட்டினார்.

நீண்ட விளக்கம் அது. அதன் உயிர், வேலையை மேற்பார்க்கும் மேஸ்திரியைப் பற்றிய ஒரு வாக்கியத்தில் இருந்தது: ‘கயிறு தேய்ந்திருந்தன என்று மேஸ்திரியோடு சொன்னேன், அவர் தூக்கு என்றார்.’

எனக்கு அதில் இரண்டு பிழைகள் தெரிந்தன. கயிறு ஒருமை, வினை பன்மை. ஆகவே ‘தேய்ந்திருந்தன’ என்பதைத் ‘தேய்ந்திருந்தது’ என்று மாற்றினேன். அடுத்து, ‘ஓடு’ என்பது உடன்நிகழ்வதைக் காட்டும் உருபு. ‘மேஸ்திரியோடு சொன்னேன்’ என்பது அரைகுறையாக நிற்கிறது. தெளிவுக்காக ஒரு சொல் சேர்த்தேன். நான் திருத்தி எழுதிய நற்படியில் வாக்கியம் இப்படி நின்றது: ‘கயிறு தேய்ந்திருந்தது என்று மேஸ்திரியோடு சேர்ந்து சொன்னேன், அவர் தூக்கு என்றார்.’ ‘அவர்’ யார் என்ற கேள்வி எனக்கு எழவில்லை. இலக்கணம் சரியாகிவிட்டது என்ற நிறைவு மட்டும் இருந்தது.

அவர் அதை விரல் வைத்து எழுத்தெழுத்தாக வாசித்தார். பாதியில் விரல் நின்றுவிட்டது.

“பந்துலு, மேஸ்திரி எங்கே சொன்னாரு? சொன்னது நான். கேட்டது அவரு.”

“நீங்கள்தானே மேஸ்திரியோடு என்று எழுதியிருக்கிறீர்கள்?”

“ஆமா. மேஸ்திரிதோ செப்பானு. அவரு காதுலதான் போட்டேன்.”

தெலுங்கில் ஒருவரிடம் சொல்வதற்கும், ஒருவரோடு போவதற்கும் உருபு ஒன்றே என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் சொல்ல நினைத்தது ‘மேஸ்திரியிடம் சொன்னேன்’ என்பது. நான் திருத்தியபடி பார்த்தால், மேஸ்திரியும் இவரோடு சேர்ந்து எச்சரித்தவர் ஆகிவிடுகிறார். தூக்கச் சொன்னவர் யார் என்பது காற்றில் போய், தூக்கியவர் மட்டும் மிஞ்சுகிறார்.

‘தேய்ந்திருந்தது’ என்ற சொல்லின்மேல் விரல் வைத்தேன். “கயிறு ஒன்றுதானே?” என்று மெல்லக் கேட்டேன்.

“ஒண்ணா? ரெண்டு கயிறும் போச்சு. தாள்ளு அரிகிபோயாயி. ஒண்ணு நல்லாருந்தா அதுலயே தூக்கியிருப்பேனே!”

கொருக்குப்பேட்டைக்காரர் எட்டிப் பார்த்தார். “அதான் ‘தேய்ந்திருந்தன’ன்னு எழுதிகீறாரே, சாரே. நாங்க பத்துக் கயிறு போனாலும் ‘தேஞ்சிருந்துச்சு’ன்னுதான் சொல்லுவோம். நைனா கணக்காத்தான் எழுதிகீறாரு.”

அவர் சொன்னது சரி. விஞ்சுக்காரருடைய தெலுங்கு அஃறிணைப் பன்மையை வினையில் விடாமல் காட்டும் மொழி. எங்கள் ஊர்ப் பேச்சோ அதை எப்போதோ கைவிட்டிருந்தது. மேலும், ‘கள்’ சேராத அஃறிணைப் பெயருக்கு வினையே எண்ணைக் காட்டும் என்பது நான் பரீட்சைக்குப் படித்து ஒப்பித்த விதி. ‘மரம் வளர்ந்தது, மரம் வளர்ந்தன’: இரண்டும் தமிழ்தான். பிழையற்ற ஒரு சொல்லை நான் பிழையாக்கியிருந்தேன். தேய்ந்தது ஒரே கயிறென்றால், நல்ல கயிற்றை விட்டுத் தேய்ந்ததில் தூக்கியவர் இவர் என்றாகிவிடும். வேலை போவதற்கு அது ஒன்றே போதும்.

நற்படியைக் கிழித்தேன். ஒவ்வொரு வாக்கியமாக முதலில் அவரை வாயால் சொல்லச் சொன்னேன். யார், யாரிடம், எத்தனை என்று கேட்ட பிறகே பேனாவைத் தொட்டேன். ‘தேய்ந்திருந்தன’ தன் இடத்துக்குத் திரும்பியது. குமாஸ்தாவும் என்னைப்போல அவசரக்காரராக இருக்கக்கூடும் என்பதால், ‘கயிறுகள் இரண்டும்’ என்று முன்னால் சேர்க்கலாமா என்று கேட்டேன். சம்மதித்தார்.

மேஸ்திரியின் பெயருக்கு முன் மட்டும் இருவரும் தயங்கினோம். அவருக்கும் குடும்பம் உண்டு. கப்பலைச் சீக்கிரம் காலிசெய்யச் சொல்லி அவரை விரட்டியவர்களும் உண்டு. ஆனால் நடந்ததை மழுப்பினால் அடுத்த கயிறும் அறுபடும். இன்னொரு கால் போகும். வசைச்சொல் ஒன்றும் சேர்க்காமல் நடந்ததை மட்டும் எழுதுவது என்று முடிவு செய்தோம்: ‘கயிறுகள் இரண்டும் தேய்ந்திருந்தன என்று மேஸ்திரியிடம் சொன்னேன், மேஸ்திரி என்னைத் தூக்கச் சொன்னார்.’ முழுவதையும் அவரே தம் கையால் மறுபடி எழுதிக் கையொப்பமிட்டார். விளக்கு ஏற்றும் நேரம் ஆகியிருந்தது.

திங்கட்கிழமை தலைமைக் குமாஸ்தா தாளைப் படித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாராம்: “ரெண்டுமா?” கொட்டகையில் போட்டிருந்த கயிறுகளை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தார்கள். அறுந்தது ஒன்று, அறுபடக் காத்திருந்தது மற்றொன்று. வியாழக்கிழமை விஞ்சுக்காரரை மீண்டும் வேலைக்கு அழைத்துக்கொண்டார்கள். மேஸ்திரியைக் கண்டித்ததோடு விட்டார்கள். கால் நசுங்கியவருக்கு என்ன செய்தார்கள் என்பதை நான் கேட்டறிந்தபோது, அது போதுமானதாக எனக்குத் தோன்றவில்லை. அதற்காக வேறொரு மனு எழுத வேண்டியிருந்தது. இந்த முறை வகுப்பே சேர்ந்து எழுதியது.

மனு எழுதியதற்கு அடுத்த ஞாயிறு விஞ்சுக்காரர் தம் நோட்டைப் பெருமையோடு நீட்டினார்: ‘புதுக் கயிறுகள் வந்தன. மேஸ்திரி என்னிடம் கேட்டுத் தூக்கச் சொன்னார். என் மனைவி சிரித்தது.’

சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தேன். பிறகு மூடிவிட்டு, “உங்கள் மனைவி எதற்காகச் சிரித்தார்கள்?” என்று கேட்டேன்.