வெள்ளையடித்த முகம்

நடனப் பள்ளியின் பெண்கள் அந்த மேக்கப்காரரை ‘வெள்ளையடிக்கிற மாமா’ என்பார்கள். பத்துப் பேர் ஆடினால் பத்து முகத்துக்கும் ஒரே நிறம் பூசுவார். அது பள்ளித் தலைவியின் உத்தரவு. கலைக்கு நிறம் கிடையாது என்று அந்த அம்மாள் ஒவ்வொரு விழாவிலும் பேசுவார். அவர் வாங்கித் தந்த பேன்கேக் பூச்சு டப்பாவுக்கு மட்டும் நிறம் இருந்தது.

“மாமா, எங்க வீட்டுச் சுவரு பாக்கியிருக்கு. மிச்சமிருந்தா எடுத்துட்டு வாங்க” என்று கேலி செய்தவள்தான் குழுவிலேயே கறுத்த பெண். போன மாதம் காய்ச்சலில் இறந்துபோனாள்.

நடனப் பள்ளியின் கூடத்தில் மாட்ட அவள் படத்தை வரைய ஏற்பாடானது. ஓவியரிடம் ஒரு மேடைப் புகைப்படத்தைக் கொடுத்தார்கள். பாதி வரைந்ததைப் பார்க்க வந்த தாய் இல்லையென்று தலையசைத்தாள்.

“இது என் பொண்ணு இல்லீங்க. யாரையோ மாத்திக் குடுத்திருக்காங்க.”

வேறு படமும் இல்லை. ஒப்பனை இல்லாத நேரத்தில் கேமராவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பெண் அவள். அப்படித் திருப்பிக்கொள்ள அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

ஓவியர் மேக்கப்காரரை வரவழைத்தார். அவர் புகைப்படத்தில் இடது புருவத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். மைக்கோடு ஓரிடத்தில் அறுந்திருந்தது.

“இங்க தழும்பு. அதுல மை ஒட்டாது. ரெண்டு தடவ இழுக்கணும்.”

“நாலு வயசுல படியில விழுந்தா” என்றாள் தாய். பிறகு மெல்ல, “அப்ப இது அவதானா? பெத்தவளுக்கே தெரியலையே.”

“உங்க மேல தப்பில்லக்கா. மறைச்சவன் நான்.”

அவர் சொல்லச் சொல்ல ஓவியர் அழித்து வரைந்தார். புருவம் இன்னும் கீழே, அடர்த்தியாக. கண்ணின் ஓரத்தில் நீட்டிய கோடு வேண்டாம். உதட்டின் விளிம்பை மேக்கப்காரர் பேன்கேக்கால் மூடியிருந்தார்; படத்தில் உதடு பெரிதானது. நெற்றிச்சுட்டிக்குக் கீழே முடி சுருள் சுருளாக இருக்கும். நிறத்துக்கு வந்ததும் மேக்கப்காரர் பழைய ஒப்பனை வண்ணக் குச்சிகளைக் குழைத்துத் தன் புறங்கையில் தடவினார். அந்தக் கலவையை அவர் யாருக்கும் பூசியதில்லை.

தாய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை.

படம் பள்ளிக்குப் போனது. தலைவி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு. யாரு இது?”

ஆறு வருடம் அவரிடம் ஆடியவள்.

“என் பொண்ணு” என்று தாய் படத்தை வாங்கி, புடவைத் தலைப்பால் மூடி, வீட்டுக்கு எடுத்துப் போனாள். பள்ளிச் சுவரில் அடித்த ஆணி அப்படியே இருக்கிறது.

அடுத்த நிகழ்ச்சிக்கு ஒன்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். மேக்கப்காரர் அதே டப்பாவைத் திறந்தார். பஞ்சை நனைத்தவர், முதல் பெண்ணின் முகத்தைப் பார்த்தபடியே நின்றார்.

“என்ன மாமா, ஆரம்பிங்க. நேரமாச்சு.”

“இரும்மா. ஒரு தடவ பாத்துக்கிறேன்.”