உப்பு கரையும், வண்டி கரையாது

நிறுத்த முடியாத வண்டியில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களா? நான் உட்கார்ந்திருக்கிறேன். அதுவும் முன்னால் மகன், பின்னால் தார்ப்பாய் சுருட்டு, மடியில் இன்னொரு சுருட்டு, எல்லாவற்றையும் சுற்றி ஒரு நைலான் கயிறு. இறங்க வேண்டுமென்றால் முதலில் என்னை அவிழ்க்க வேண்டும்.

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் எழுதுகிறாள். அவளும் அன்றைக்கு அங்கே இருந்தவள். தன் பங்கைக் கொஞ்சம் கூட்டி எழுதினாலும் எழுதிக்கொள்ளட்டும், தகும்.

கோடைக் கடைசி. எங்கள் உப்பளப் பாத்திகளில் வாரிய உப்பு முழுவதும் கரைமேல் ஒரே குவியலாகக் கிடந்தது. அதை மூடுகிற பழைய கீற்று மக்கிப்போய்விட்டதால் மரக்காணம் கடைத்தெருவில் தார்ப்பாய் வாங்கிக்கொண்டு நானும் மகனும் வந்துகொண்டிருந்தோம். மத்தியானம் வரை வானம் பளிச்சென்று இருந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு ஏறும்போது மேற்கே பார்த்தேன், ஈயச் சட்டியின் அடி மாதிரி கறுத்திருந்தது. மழை எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தால், தை மாதத்திலிருந்து மூன்று பேர் கால் வெந்து எடுத்த உப்பு, வந்த வழியே தண்ணீராகப் போய்விடும்.

சாலையிலிருந்து உப்பளத்துக்குத் திரும்புகிற இடத்தில் மகன் கிளட்சைப் பிடித்தான். "டக்" என்றது. கைப்பிடி கிழவி பல் மாதிரி ஆடியது. வண்டி ஒரு துள்ளு துள்ளி நின்றுவிட்டது.

"கேபிள் போச்சும்மா."

"வேற கேபிள் வாங்கி வச்சியே?"

"மோட்டார் ஷெட்ல மாட்டி வச்சிருக்கேன்."

"வண்டி இங்க, கேபிள் அங்க. நல்லா வச்சடா."

உப்பளத்துக்காரன் வண்டிக்கு ஆயுசு பாதிதான். காற்றிலேயே உப்பு. உறைக்குள் இருக்கிற கம்பி வெளியே தெரியாமல் துருப்பிடித்து, ஒவ்வொரு இழையாக அறுந்துகொண்டே வரும். கைப்பிடி கனக்கத் தொடங்கும்போதே மாற்ற வேண்டும். "ரெண்டு நாளா டைட்டா இருக்குது" என்று அவனே சொல்லிக்கொண்டுதான் இருந்தான்.

அங்கிருந்து உப்பளக் கரைக்கு ஒரு சரிவு உண்டு. நியூட்ரலில் வைத்து வண்டியை உதைத்துக் கிளப்பினான். இரண்டு காலாலும் தரையைத் தள்ளி, சரிவில் உருளவிட்டு, வேகம் வந்ததும் கியரை மிதித்தான். என் தலை அவன் முதுகில் மோதியது. வண்டி பிடித்துக்கொண்டது. அடுத்த கியருக்கு ஆக்சிலேட்டரை ஒரு கணம் விட்டுவிட்டு மிதித்தான், அதுவும் விழுந்தது. கிளட்ச் இல்லாமலே வண்டி போகும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். எனக்கு ஒரே குஷி.

"பரவால்லடா, ஓட்டுற!"

"ஓட்டுறது ஈசிம்மா. நிறுத்துனா செத்தோம். மறுபடி எடுக்கச் சரிவு கிடையாது."

அப்போதுதான் குஷி கொஞ்சம் இறங்கியது. இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கும் பாத்தி, நடுவில் ஒரு வண்டி அகலத்துக்குக் கரை, நேர்க்கோடாகப் போகிறது. திரும்ப முடியாது, நிற்க முடியாது, என்னால் இறங்க முடியாது. முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கக்கூடக் கை வரவில்லை. பின்னால் மேகம் துரத்துகிறது.

பாதி தூரத்தில் எருமைகள். ஏழெட்டு இருக்கும். கரையை அடைத்துக்கொண்டு எதிரே வருகின்றன. மகன் ஹாரன் அடித்தான். எருமைக்கு ஹாரன் என்றால் என்ன, தவில் என்றால் என்ன? நியூட்ரலுக்குத் தட்டிவிட்டுப் பிரேக் பிடித்தான். அவை எங்களை முகர்ந்து பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாக உரசிக்கொண்டு போயின.

இஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் நின்ற வண்டியில் கியரை மிதித்தால் குதித்து அணைந்துவிடுகிறது. கயிற்றை அவிழ்த்து என்னை இறக்கினான். தார்ப்பாய் மட்டும் இருக்க, வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடி ஏறிப் பார்த்தான். சுருட்டு தடுத்ததில் காலைத் தூக்கிப்போட முடியவில்லை. முன் சக்கரம் கரையோரக் கால்வாய்க்குள் இறங்கிவிட்டது. நல்ல வேளை, அவன் இறங்கவில்லை.

இழுத்து மேலே ஏற்றினோம். இரண்டு சுருட்டையும் சுமந்துகொண்டு மீதிக் கரையை நடந்து கடக்க முடியாத கனம். ஆள் நடமாட்டம் இல்லை. வானம் உறுமியது.

அப்போது எதிர்ப்பக்கம் ஒரு புள்ளி. மருமகள், மொபெட்டில். உப்புக் குவியலிடம் காத்திருந்து பார்த்துவிட்டுத் தேடி வந்திருக்கிறாள். மொபெட்டுக்குக் கிளட்ச் கைப்பிடியே கிடையாது, முறுக்கினால் போகும். நான் கையைத் தட்டினேன். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இருமியது. இன்னொரு முறை இருமியது. எங்கள் முன்னால் வந்து நின்று, ஓய்ந்துவிட்டது.

"பெட்ரோல் தீந்துபோச்சு அத்தை."

மகன் தலையில் கை வைத்தான். "போடச் சொன்னேனே!"

"யாரு? நேத்து வலை வாங்கணும்னு எடுத்துக்கினு போனது நீங்க. காலி பண்ணி வச்சது நீங்க."

மொபெட்டைச் சாய்க்கச் சொன்னேன். என் வீட்டுக்காரர் பைக்கில் பெட்ரோல் தீர்ந்தால் இடப்பக்கம் தரை தொடச் சாய்ப்பார். பைக் டேங்க் நடுவில் மேடு, இரண்டு பக்கமும் பள்ளம். குழாய் இல்லாத பக்கத்துப் பள்ளத்தில் தேங்கினது, சாய்த்தால் குழாய்ப் பக்கம் வந்துவிடும். இரண்டு மூன்று மைல் ஓடும். ஆனால் மொபெட் டேங்க் செம்பு மாதிரி. சாய்த்தாலும் ஒன்றும் இல்லை.

சாய்த்துப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "ஏன்டா, உன் வண்டில பெட்ரோல் இருக்குதா?"

"ஃபுல்லா இருக்குது."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒரு வண்டியில் பெட்ரோல் உண்டு, கிளட்ச் இல்லை. இன்னொன்றுக்குக் கிளட்சே தேவையில்லை, பெட்ரோல்தான் இல்லை. இத்தனை நேரம் இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சண்டை போட்டிருக்கிறோம்.

குடிதண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து உதறினோம். மகன் இஞ்சினை அணைத்து, டேங்குக்கு அடியில் இருக்கிற பெட்ரோல் திருகை மூடி, ரப்பர் குழாயை வண்டிக் குறட்டால் உருவினான். பாட்டிலை இஞ்சின் சூட்டிலிருந்து தள்ளி அவன் பிடித்துக்கொள்ள, மருமகள் திருகைத் திறந்தாள். அரை பாட்டில் போதும் என்றேன். தார்ப்பாய் சுற்றிவந்த பிளாஸ்டிக் உறையைப் புனலாகச் சுருட்டி மொபெட்டில் ஊற்றினோம். ஆயில் கலக்கிற பழைய மொபெட்டாக இருந்தால் அதுவும் யோசிக்கணும். இது புதுசு, வெறும் பெட்ரோலே போதும். இரண்டு முறை உதைத்ததும் கிளம்பியது.

மொபெட்டை ஆளுக்கொரு பக்கம் தூக்கி, வந்த வழிக்குத் திருப்பி வைத்தோம். முன்பக்கப் பலகையில் ஒரு சுருட்டு, பின்னால் ஒரு சுருட்டு, அதன்மேல் நான்.

"ஏறுடா, ஓரமா தொத்திக்க."

"வண்டிய இங்க உட்டுட்டா? நான் தள்ளிக்கினு வர்றேன்."

"உப்பு கரையும்டா. வண்டி கரையுமா?"

கேட்கவில்லை. வாங்கி இரண்டு வருடம் ஆன வண்டிமேல் அவனுக்கு அவ்வளவு உசிர். போதாததற்கு என் மடியிலிருந்து அவிழ்த்த கயிற்றைத் தன் தோளில் மாட்டிக்கொண்டான், யாராவது வந்தால் இழுக்கச் சொல்லவாம். தார்ப்பாயைக் கட்டவும் அந்தக் கயிறுதான் வேண்டும் என்பது எனக்கும் நினைவில்லை, மருமகளுக்கும் நினைவில்லை. நான் வேறு பேச்சில் இருந்தேன்.

"இழுக்கச் சொன்னா கயித்த முடிச்சுப் போட்டுடாத!" என்று கத்திக்கொண்டே போனேன்.

அதற்குக் காரணம் உண்டு. என் வீட்டுக்காரர் ஒருமுறை செயின் அறுந்து நடுரோட்டில் நின்றார். செயினை இணைக்கிற லாக்கை அவரே தலைகீழாக மாட்டியிருந்தார். வாய் திறந்த பக்கம் பின்னால் பார்க்க வேண்டும், இவர் முன்னால் பார்க்க மாட்டினார், கழன்று போயிற்று. அப்போது வந்த உப்பு லாரியில் கயிற்றைக் கட்டி, ஹேண்டில்பாரில் இறுக்கி முடிச்சும் போட்டார். லாரிக்காரனுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியுமா? அவன் வளைந்தான், ஹேண்டில் வளைந்தது, இவர் முட்டி இரண்டும் தார்ச்சாலையில். ஆறு வாரம் நொண்டினார். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் முடிச்சு கிடையாது. ஹேண்டில் நடுவில் ஒரே ஒரு சுற்று, நுனியை உள்ளங்கையில் அமுக்கிப் பிடித்துக்கொள்வது. ஆபத்தென்றால் கையை விட்டால் போதும், கயிறு தானாக ஓடிவிடும்.

குவியலுக்குப் போய்ச் சேர்ந்தோம். முதல் தூறல் விழுந்துவிட்டது. தார்ப்பாயை விரித்துப் போட்டோம். காற்று அடியில் புகுந்து தூக்கியது.

"கயிறு எங்கம்மா?" என்று மருமகளைக் கேட்டேன்.

"உங்ககிட்ட இல்லையா அத்தை?"

இல்லை. அது அவன் தோளில்.

சேற்றுக்கட்டிகளைத் தோண்டி ஓரத்தில் வைத்தாள் மருமகள். மழை பிடித்ததும் அவை கரைந்து ஓடின. தார்ப்பாய் படபடவென்று அடித்தது. ஒரு மூலை எழுந்து உப்பின் வெள்ளை வயிறு தெரிந்தது. நான் மேலே ஏறி அந்த மூலையில் உட்கார்ந்துவிட்டேன்.

"நீ போயி கயித்த எடுத்துக்கினு வா. அவனையும் வேணும்னா இட்டுக்கினு வா."

"நீங்க?"

"நான் எங்க போறது? நான் எழுந்தா தார்ப்பாய் புதுச்சேரிக்குப் போயிடும்."

அவள் போனாள். நான் கையையும் காலையும் அகட்டி, தவளை மாதிரி படுத்துக்கொண்டேன். முதலில் வண்டியில் கட்டுண்டேன், அப்புறம் கரையில் மாட்டினேன், இப்போது உப்பின்மேல். அசைந்தால் காற்று புகும். மழை முதுகில் கல் எறிந்தது. அடியில் உப்பு மெல்ல நெறுநெறுவென்று சத்தம் போட்டது. கரைகிறதா, அழுந்துகிறதா என்று தெரியாமல் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே கிடந்தேன். அழுகை வரும்போல இருந்தது. அப்போது கரையைப் பார்த்தேன்.

மொபெட் ஊர்ந்து வருகிறது. அதன் கேரியரிலிருந்து கயிறு. கயிற்றின் மறுமுனையில் பைக். பைக்கின்மேல் என் மகன், பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போகிற பிள்ளை மாதிரி. மட்கார்டுக்குள் களிமண் அடைத்துக்கொண்டு அவனால் ஒரு முழம் தள்ள முடியவில்லையாம். இவள் முன்னால் நடக்கிற வேகத்தில்தான் போகிறாள், வளைவுக்கு முன் கையைத் தூக்கிக் காட்டுகிறாள். அவன் பிரேக்கை லேசாகத் தொட்டுத் தொட்டு, கயிறு தளராமல் வருகிறான். தளர்ந்தால் சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். முடிச்சு இல்லை, ஒரே சுற்று.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்தால் உடம்பு குலுங்குகிறது, குலுங்கினால் தார்ப்பாய் தூக்குகிறது. வாயைத் தார்ப்பாயில் அழுத்திக்கொண்டு சிரித்தேன்.

வந்ததும் கயிற்றை உருவி, குவியலுக்குக் குறுக்கே இரண்டு முறை போட்டு, முளையில் இறுக்கிக் கட்டினார்கள். இதற்கு முடிச்சு போடலாம். அப்புறம்தான் நான் இறங்கினேன்.

மழை விட்டதும் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தோம். காற்றுப் பக்கம் ஒரு சாண் அளவுக்கு மழை தின்றிருந்தது. மற்றதெல்லாம் அப்படியே காய்ந்த உப்பு. மருமகள் ஒரு உப்புக் கல்லை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

ஷெட்டில் ஆணியில் மாட்டியிருந்த புதுக் கேபிளை எடுத்தோம். ஒரு கோடை முழுக்க உப்புக் காற்றில் தொங்கி, அதுவும் துருப்பிடித்துக் கிடந்தது. மகன் மோட்டார் ஒயர் இணைக்கிற பித்தளைக் கனெக்டர் ஒன்றை உடைத்து எடுத்தான். பழைய கம்பி, கைப்பிடியில் மாட்டுகிற குமிழ் இருந்த நுனியில்தான் அறுந்திருந்தது. அட்ஜஸ்டரை முழுக்க உள்ளே திருகிக் கம்பிக்கு நீளம் கொடுத்து, குமிழுக்குப் பதிலாகக் கனெக்டரைக் கோத்து, அதன் திருகை முறுக்கினான். கிளட்ச் பிடித்தது.

"ஏறும்மா, வீட்டுக்குப் போலாம்."

நான் மொபெட்டில் ஏறிக்கொண்டேன்.