குழந்தை இயேசுவுக்குப் போன டிடி

மதலைமுத்து பெயிண்டருக்குக் கடவுள் பக்தி உண்டு, ஞாபகம்தான் கிடையாது. பெங்களூர் நீலசந்திராவில் அவருக்கு வேலை கொடுக்கிறவர்களுக்கு இது தெரியும். ஹால் சுவருக்குச் சொன்ன கலரைச் சமையல்கட்டுக்கு அடித்துவிட்டு, இதுவும் நன்றாகத்தானே இருக்கிறது என்று நிற்பார். நன்றாகவும் இருக்கும், அதனால் திட்டவும் மனசு வராது.

அவருக்கு ஒரே மகள், ஆஞ்சலா. அவளுக்கு வேலூரில் ஒரு நர்சிங் பள்ளியில் இடம் கிடைத்த செய்தி 1998 ஜூலையில் வந்தது. மதலைமுத்து வேண்டாம் என்றார். பெங்களூரில் இல்லாத ஆஸ்பத்திரியா, ஹாஸ்டல் சோறு தின்று உடம்பு என்னத்துக்காகும் என்று ஏதேதோ சொன்னார். பயம் என்பதை மட்டும் சொல்லவில்லை. வேலூர் என்ன அமெரிக்காவா என்று மனைவி பியாட்ரிஸ் கேட்டதற்குக் கோபித்துக்கொண்டு இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்தார். அப்புறம் ஒரு காலையில், யாரிடமும் சொல்லாமல் பாங்குக்குப் போய், முதல் வருடக் கட்டணம் பதினாலாயிரத்துக்கு டிமாண்ட் டிராஃப்ட் எடுத்துக்கொண்டு வந்து மகள் கையில் கொடுத்தார். பள்ளி முதல்வர் பெயருக்கு, வேலூரில் மாற்றத்தக்கது. அவர் சேர்த்து வைத்ததும் மேஸ்திரி கோவிந்தப்பாவிடம் முன்பணமாக வாங்கியதும் அதில் இருந்தன. ஆஞ்சலா அன்று அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

டிடியைப் பதிவுத் தபாலில் அனுப்பும் பொறுப்பையும் அவரே ஏற்றார். அங்கேதான் வந்தது வினை.

பங்குக் கோயிலில் குழந்தை இயேசு சொரூபத்தின் காலடியில் ஒரு மன்றாட்டுப் பெட்டி உண்டு. சிலர் மன்றாட்டை எழுதிப் போடுவார்கள். எழுதத் தயங்குகிறவர்கள் எது வேண்டுமோ அதன் ஜெராக்ஸைப் போட்டுவிடுவார்கள். ஹால் டிக்கெட், பாஸ்போர்ட், வீட்டு வரைபடம், ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் போயிருக்கின்றன. மதலைமுத்துவும் டிடியை ஒரு ஜெராக்ஸ் எடுத்தார். ஒரே மாதிரி இரண்டு பழுப்புக் கவர் வாங்கி, ஒன்றில் அசலையும் மற்றதில் ஜெராக்ஸையும் வைத்து ஒட்டினார். ஒட்டிய பிறகுதான் விலாசம் எழுதினார். மனிதர் அவர்தானே, எந்தக் கவரில் எழுதியிருப்பார் என்று சொல்லவே வேண்டாம். ஜெராக்ஸ் வேலூருக்குப் போனது, அசல் குழந்தை இயேசுவிடம் போனது.

பத்து நாள் கழித்துப் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. ஜெராக்ஸைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அசல் டிராஃப்ட் தங்களுக்கு வந்து சேரவில்லை, மாதக் கடைசிக்குள் வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போகும் என்று எழுதியிருந்தது.

மதலைமுத்துவுக்கு ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. செருப்புகூடப் போடாமல் கோயிலுக்கு ஓடினார். கோயில் உபதேசியார் ஆம்ப்ரோஸ் அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை நவநாள் ஜெபம் முடிந்ததும் பெட்டியைத் திறந்து, யாரும் எதையும் படிக்காமல், எல்லாவற்றையும் பீடத்துக்கு முன்னால் வைத்து எரித்துவிடுவது வழக்கம். அந்தச் செவ்வாய் போய்விட்டது.

இதைப் போய் வீட்டில் எப்படிச் சொல்வது? எங்கேயோ தவறிவிட்டது என்று மட்டும் சொன்னார். சொன்ன விதம் யாரும் நம்பும்படியாக இல்லை. ஆஞ்சலா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் போகக் கூடாதுன்னு வேணும்னே பண்ணீங்களாப்பா?"

பியாட்ரிஸ் அவளை அதட்டினாள். சுவரில் எத்தனை கறை இருந்தாலும் பட்டி பார்த்து மறைத்துவிடுகிற மனிதர், மகள் கேட்ட அந்த ஒரு கேள்விக்கு முன்னால் ஒன்றும் செய்யத் தெரியாமல் நின்றார். இடம் போவது ஒரு பக்கம் இருக்கட்டும், இந்தப் பெண் வாழ்நாள் முழுக்க அப்படி நினைத்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அவரை அரித்தது.

மறுநாள் அப்பாவும் மகளும் பாங்குக்குப் போனார்கள். ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கும் என்பதால் ஆஞ்சலா வந்தாள், வழியெல்லாம் அவருக்கு நாலடி முன்னால் நடந்தாள். டிராஃப்ட் பகுதியில் ஜெயலக்ஷ்மி என்ற அதிகாரி இருந்தார். டிடியை நிறுத்தி வைக்கச் சொன்னால் போதும் என்று மதலைமுத்து நினைத்திருந்தார். அப்படி முடியாது என்று அவர் பொறுமையாக விளக்கினார்.

"செக்னா நீங்க நிறுத்தச் சொல்லலாம். டிடி-க்குப் பாங்க் முதல்லயே துட்டு வாங்கிக்கிச்சு, அது பாங்க் கொடுத்த வாக்கு மாதிரி. தொலைஞ்சுபோச்சுன்னு வேலூர் பிராஞ்சுக்கு எச்சரிக்கை அனுப்புவோம். இன்னும் யாரும் அதை மாத்தலைன்னு அவங்க எழுதிக் கொடுத்தாதான் டூப்ளிகேட் போடுவோம்."

ஐயாயிரத்துக்குள் என்றால் அந்தப் பதிலுக்குக்கூடக் காத்திருக்க வேண்டியதில்லையாம், இது அதற்கு மேல். டிராஃப்ட் எடுத்தவரே கையெழுத்திட்டு விண்ணப்பம் தர வேண்டும். நாளைக்கு அசல் எங்காவது மாற்றப்பட்டு நஷ்டம் வந்தால் தானே ஈடு கட்டுவதாக முத்திரைத்தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு அந்தக் கிளையில் கணக்குள்ள ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும். ஜெராக்ஸ் கையில் இருப்பதால் நம்பரும் தேதியும் தேட வேண்டாம், தங்களுக்கு வரவில்லை என்று பள்ளி எழுதிய கடிதமும் உதவும் என்றார். பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு டிடி எடுக்கலாமா என்று ஆஞ்சலா கேட்டாள். ரத்து செய்வதற்கு அசலையே கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும், அது இல்லாவிட்டால் அதற்கும் இதே பத்திரம்தான் என்று பதில் வந்தது.

எப்படித் தொலைந்தது என்று விண்ணப்பத்தில் எழுத வேண்டும் என்றார். பஸ்ஸில் போய்விட்டது என்றார் மதலைமுத்து. எந்தப் பஸ், என்றைக்கு, போலீசில் சொன்னீர்களா என்று அவர் கேட்கக் கேட்க இவருக்கு வியர்த்தது.

"பொய் சொல்லிட்டேன் மேடம். அது எரிஞ்சுபோச்சு."

ஆஞ்சலாவின் பேனா நின்றது. தான் பயந்தது சரிதான் என்று அவள் முகம் சொன்னது. மதலைமுத்து அவள் பக்கம் திரும்பாமல், மேஜையைப் பார்த்தபடி, கவர் மாறியதையும் பெட்டியையும் செவ்வாய்க்கிழமையையும் சொல்லி முடித்தார். ஜெயலக்ஷ்மி சிரிக்கவில்லை. அவருக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை, ஜெராக்ஸை எதற்காகப் பெட்டியில் போட நினைத்தீர்கள் என்று கேட்டார்.

"எனக்கு மன்றாட்டெல்லாம் எழுத வராது மேடம். கொழந்தை அங்க போய்ச் சேர்ந்து நல்லாப் படிக்கணும், எந்தக் கொறையும் வரக்கூடாதுன்னு கேக்கணும். வாயால கேட்டா அழுதுடுவேன், அனுப்ப மனசு வராது. அதான் பேப்பரைப் போட்டேன்."

அதையும் எழுதட்டுமா என்று ஆஞ்சலா ஆங்கிலத்தில் மெல்லக் கேட்டாள். எரிந்துபோனது என்பதற்கு மேல் வேண்டாம் என்றார் ஜெயலக்ஷ்மி. ஆனால் அவள் எழுதினாள். அப்பாவின் பெயரில், 'நான்' என்று தொடங்கி, என் மகள் நலமாகப் படிக்க வேண்டி என்று எழுதிக்கொண்டே வந்தவள், அந்த இடத்தில் தாளைத் தள்ளி வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். மதலைமுத்து பெயிண்ட் காய்ந்த கையால் அவள் முதுகைத் தடவினார்.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. அதே கிளையில் கணக்கு வைத்திருந்த கோவிந்தப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டார், இனிமேல் கவரில் முதலில் விலாசத்தை எழுது என்று திட்டிவிட்டுத்தான் போட்டார். யாரும் மாற்றவில்லை என்று வேலூரிலிருந்து தந்தி வந்தது. மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது ஜெயலக்ஷ்மி டூப்ளிகேட் டிராஃப்டை நீட்டினார். மதலைமுத்து அதைத் தொடப் பயந்துபோய், மகளிடமே கொடுக்கச் சொன்னார். அவளே தபாலில் போடட்டும், தன் கை ராசி தெரிந்ததுதானே என்றார்.

ஆஞ்சலா அதை வாங்கி, மடிக்காமல், அவருடைய சட்டைப் பைக்குள் வைத்தாள்.

"தபால் வேணாம்பா. நீங்களே கொண்டுபோய்க் கட்டுங்க. என்னையும் கூட்டிட்டுப் போய் விட்டுட்டு வாங்க."