ரூபாவுக்குச் சொன்ன கதை

சுலோச்சனாவிடம் ஒரு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லச் சொன்னால் அன்றைக்குச் சோறு தண்ணி கிடையாது. "சாம்பார் இருக்கா?" என்று புருஷன் பாலசுப்பிரமணியன் கேட்டால், துவரம்பருப்பு வாங்கப் போன இடத்தில் யாரைப் பார்த்தாள், அவள் மருமகளுக்கு எத்தனையாவது மாசம் என்பதில் ஆரம்பித்துத்தான் சாம்பாருக்கு வருவாள். அந்த மனுஷன் பாதியிலேயே ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுக் கை கழுவியிருப்பார். அப்பேர்ப்பட்டவள் தலையிலா ஒரு முழு நாவலை இரண்டு நிமிஷத்தில் சொல்லும் வேலை வந்து விழ வேண்டும்?

சுலோச்சனா பிறந்தது ஊத்துக்கோட்டை, வாழ்க்கைப்பட்டது எல்லை தாண்டி ஆந்திராவில் இருக்கும் பிச்சாட்டூர். தமிழ்நாட்டில் படித்தவள் என்பதால் தமிழில் எதைக் கொடுத்தாலும் வாசிப்பாள். தாய்வீட்டுக்குப் போனால் லைப்ரரியில் இரண்டு புத்தகமாவது எடுக்காமல் திரும்பமாட்டாள். ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் வேலை. அங்கேதான் ரூபா பழக்கம். ரூபாவும் பிச்சாட்டூர்ப் பெண்தான், வீட்டில் தமிழ்தான் பேச்சு. ஆனால் பள்ளிக்கூடம் முழுக்கத் தெலுங்கு மீடியம். தமிழ் எழுத்தில் தன் பெயரைக்கூட அடையாளம் தெரியாது அவளுக்கு.

அவளைப் பெண் பார்க்க நிதின் வந்தான். திருவள்ளூர்ப் பக்கத்துப் பையன், திருப்பதியில் வேலை. அமைதியான முகம். "இவங்களுக்குப் படிக்கிற பழக்கம் உண்டா?" என்று அவன் ஒரு பேச்சுக்குக் கேட்டான். ரூபாவின் நைனா சும்மா இருந்திருக்கலாம். "எம்பொண்ணா? புக்கு புக்கா படிப்பா!" என்று அடித்துவிட்டார். பையன் முகம் மலர்ந்துபோய், மறுநாளே பச்சை அட்டை போட்ட ஒரு தடி நாவலைக் கொடுத்தனுப்பினான். எனக்குப் பிடித்த கதை, படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை அலிபிரியில் பார்க்கும்போது சொல்லுங்கள் என்று சேதி வேறு. அன்றைக்கு அவன் வீட்டார் அங்கிருந்து திருப்பதி மலையேற வருகிறார்கள்.

ரூபாவுக்கு அந்தப் பையனைப் பிடித்துப்போயிருந்தது. அதுதான் சங்கடமே.

"க்கா, நீ படிச்சிட்டு எனக்குச் சொல்லு," என்று புத்தகத்தைச் சுலோச்சனா கையில் திணித்தாள். "அவரு எந்த மாதிரி ஆளுன்னு இந்தக் கதையிலயாவது தெரியும். உள்ளது உள்ளபடி சொல்லணும், ஆமா."

அந்த மாதம் ரூபாவுக்கு நைட் ஷிப்ட். சுலோச்சனாவைக் காலையில் கொண்டுவந்து இறக்கும் அதே பஸ்தான் ரூபாவை ஏற்றிக்கொண்டு திரும்பும். இவள் இறங்கி, அவள் ஏறுவதற்குள் கிடைப்பது இரண்டு நிமிஷம். போனில் பேசலாமே என்றால், ரூபாவின் வீடு ஒற்றை அறை. போன் அடித்தால் நைனாதான் முதலில் காதைத் தீட்டிக்கொள்வார்.

சுலோச்சனா நான்கு ராத்திரியில் நாவலை முடித்தாள். நடுவில் ஒரு கோர்ட்டுக் கேஸ் வந்தது. அதை மட்டும் தாண்டிப் போய்விட்டாள், யாருக்கு வேண்டும் அந்த வாய்தா. முடித்துவிட்டுப் புத்தகத்தைத் தூக்கிக் கட்டிலில் போட்டாள். கதாநாயகனைப் பிடிக்கவே இல்லை அவளுக்கு. சரியான கழுதை!

முதல் நாள் காலையில் பஸ் படியிலிருந்து இறங்கும்போதே ஆரம்பித்தாள். "கேளுடி, அந்த ஊர்ல ஒரு தாத்தா இருந்தாரு. அவருக்கு ரெண்டு சம்சாரம். மூத்தவ பேரு..." தாத்தா நிலம் வாங்கி, கிணறு வெட்டி, மூத்தவளுக்கு ஒரு பிள்ளை பிறப்பதற்குள் டிரைவர் ஹாரன் அடித்துவிட்டார். ஜன்னல் வழியாக ரூபா கத்தினாள்: "க்கா, ஹீரோ யாரு? பொறந்தானா இல்லையா?"

மறுநாள் சுருக்கமாகச் சொல்வது என்று கங்கணம் கட்டிக்கொண்டு போனாள். பின்னட்டையில் போட்டிருந்ததை அப்படியே ஒப்பித்தாள். "உறவுகளுக்கு நடுவுல இருக்கிற மௌனத்தையும், மனுஷ மனசோட வெறுமையையும் பத்தின கதைடி."

ரூபா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னாக்கா சொல்ற? யாரு? இன்னா வேணும் அவனுக்கு? கெடச்சுதா இல்லையா? அத்த சொல்லு. மௌனம்னு போயி அவருகிட்ட சொன்னா, அப்புறம்னு கேப்பாரு. நான் மௌனமா நிக்கணுமா?"

நியாயமான கேள்விதான். அன்று முழுக்க அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே சுலோச்சனா அந்த நாவலை மனசுக்குள் கழித்துக்கொண்டிருந்தாள். தாத்தாவை முதலில் கழித்தாள். அவருடைய இரண்டு சம்சாரத்தையும் கழித்தாள். கணக்குப்பிள்ளை, வக்கீல், டீக்கடைக்காரன், எல்லாரும் போனார்கள். கடைசியில் மூன்றே பேர் மிஞ்சினார்கள்: அண்ணன், தம்பி, அண்ணன் பெண்டாட்டி. பெயர் சொன்னால் ரூபாவுக்குக் குழம்பும். உறவைச் சொன்னால் போதும். முடிவைச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். அவள்தான் இந்த ஜென்மத்தில் படிக்கப்போவதில்லையே, யாருக்காகப் பொத்திவைப்பது? சொல்லிவிட வேண்டியதுதான்.

அதற்குப் பிறகுதான் உண்மையான தொல்லை வந்தது. நாவலில் ஒரு இடம் உண்டு. தம்பி வீட்டிலிருந்து மதில்மேல் வந்த அதிரசத்தைத் தொடமாட்டேன் என்று அண்ணன் வீம்பு பிடிக்கிறான். எல்லாரும் தூங்கினபிறகு எழுந்துபோய் ஒன்றை எடுத்துத் தின்றுவிட்டு, அழுகிறான். சுலோச்சனாவுக்கு அதை விட்டுவிட ஆசை. அதைச் சொன்னால் அந்தக் கழுதைமேல் ரூபாவுக்கு இரக்கம் வந்துவிடும். விட்டாலோ, இப்படிப்பட்டவனைப் பிடிக்கும் என்கிற பையனை ரூபா வேண்டாம் என்பாள். அப்படியே முடிவை மட்டும் கொஞ்சம் இனிப்பாக மாற்றினால் கல்யாணம் கூடிவிடும். இரண்டு பக்கமும் தன் கையில் இருப்பதை நினைத்து அவளுக்குப் பயமாகவே இருந்தது. கடையில் தராசை விரலால் அழுத்துகிறவனை அவள் எத்தனை தரம் திட்டியிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் போனில் டைமர் வைத்துக்கொண்டு புருஷனிடம் சொல்லிப் பார்த்தாள். பாலசுப்பிரமணியன் தூங்காமல் கடைசிவரை கேட்டார். "முடிஞ்சிடுச்சா?" என்று எழுந்து உட்கார்ந்து ஆச்சரியப்பட்டார்.

சனிக்கிழமை காலை. பஸ் நின்றது. சுலோச்சனா இறங்கி, ரூபாவின் கையைப் பிடித்துக்கொண்டு மூச்சு விடாமல் சொன்னாள்:

"அண்ணன் தம்பி ரெண்டு பேரு. பக்கத்துப் பக்கத்து வீடு, நடுவுல மதிலு. நெலத்துல தம்பி ஏமாத்திட்டான்னு அண்ணன் பேச்ச வுட்டுட்றான். வருஷக்கணக்கா பேசல. அவன் பொண்டாட்டிக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும், ரெண்டு பேரும் பேசணும். அவ மதிலு மேலயே கொடுத்து வாங்கிக்கினு இருப்பா. ஒரு தீவாளிக்குத் தம்பி வூட்லருந்து அதிரசம் வருது. தொடமாட்டேன்னுட்டு, எல்லாரும் தூங்கினப்புறம் துன்னுட்டு அழுவுறான் அண்ணன். ஆனா மறுநாளும் பேசல. தம்பி பொண்ணுக்குக் கல்யாணம் வருது. பொண்டாட்டி கால்ல வுழாத கொறையா கூப்புட்றா. வரலன்றான். அவ மட்டும் போறா. போனவ திரும்பி வரல, மக வூட்டுக்குப் போய்ட்றா. கடைசில இவன் அங்க வரைக்கும் போறான். வெளக்கு எரியுது. கதவாண்ட நிக்கிறான். தட்டாம திரும்பிட்றான். அவ்ளோதான், முடிஞ்சுது. நடுவுல கோர்ட்டு கேஸு வருது, அத நான் படிக்கல, கேட்டா தெரியாதுன்னுடு. கதையில யாரும் ரொம்பப் பேசமாட்டாங்க, மெதுவாத்தான் போவும். இதுவரைக்கும் புக்குல இருக்கறது. இனிமே நான் சொல்றது என்னோடது: எனக்கு அவனப் புடிக்கல. கழுத. ஆனா அந்த அதிரசத்துக்கு நானும் அழுதேன்."

ஹாரன் அடித்தது. ரூபா படியில் கால் வைத்தபடி சொன்னாள்: "எனக்கும் அழுவ வருதுக்கா."

ஞாயிற்றுக்கிழமை அலிபிரியில் கூட்டம் நெரிந்தது. நிதினின் அம்மாவும் உறவுக்காரர்களும் படிக்கட்டுக்குக் கொஞ்சம் தள்ளிக் கற்பூரம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். துணைக்கு வந்த சுலோச்சனா, காதில் விழும் தூரத்தில் ரொம்ப நாசூக்காக வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"படிச்சீங்களா?" என்றான் நிதின்.

ரூபா புத்தகத்தை நீட்டினாள். "எனக்குத் தமிழ் படிக்க வராதுங்க. நைனா சும்மா சொல்லிட்டாரு. இந்த அக்காதான் படிச்சிட்டு ரெண்டு நிமிஷத்துல சொன்னாங்க. நான் கேட்டது அவ்ளோதான்."

அடிப்பாவி, இப்படிப் போட்டு உடைப்பாள் என்று சுலோச்சனா எதிர்பார்க்கவில்லை. ஆனால் நிதின் கோபப்படவில்லை. "பரவால்லங்க. என்ன புடிச்சுது?"

"அதிரசம்."

அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! "எனக்கும் அதேதாங்க! அதுக்காகத்தான் கொடுத்தேன். கடைசில ரெண்டு பேரும் சேர்றதும் நல்லா இருக்கும் இல்ல?"

"சேரலியே. கதவத் தட்டாம போய்ட்றானே."

"இல்லங்க, சேர்ந்துடுவாங்க."

ரூபா திரும்பிச் சுலோச்சனாவைப் பார்த்தாள். சுலோச்சனா வேறு பக்கம் பார்ப்பதை மறந்து இரண்டடி முன்னால் வந்தாள். கடைசிப் பக்கத்தை இரண்டு தரம் படித்திருந்தாள், இருந்தாலும் சந்தேகம் வந்துவிட்டது. ரூபா அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. "கடைசிப் பக்கத்தப் பாருங்க," என்றாள் நிதினிடம்.

அவன் நின்றபடியே படித்தான். படிக்கப் படிக்க முகம் விழுந்தது. காது வரைக்கும் சிவந்துவிட்டது. "நான்... பாதிதாங்க படிச்சேன். ஆபீஸ்ல ஒருத்தர் மீதிய சொன்னாரு. சேர்ந்துடுவாங்கன்னு சொன்னாரு," என்றான்.

"கட்டிக்கப்போற பொண்ணுக்கு இந்த முடிவயா கொடுத்தீங்க?" என்றாள் ரூபா. விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அடுத்ததை விளையாட்டாகச் சொல்லவில்லை. "எனக்கு அந்த மாதிரி ஆளு வேணாங்க. சண்டை போட்டாலும் பரவால்ல, வந்து கதவத் தட்டணும்."

அவன் ஏதோ சொல்ல வாய் திறந்தான். அதற்குள் அம்மா கூப்பிட்டார். புத்தகத்தை எடுத்துக்கொண்டு படியேறிப் போய்விட்டான்.

பிச்சாட்டூர் வரும்வரை ரூபா பஸ் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். சுலோச்சனாவுக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஒரே ஒரு வார்த்தை, 'தட்டினான்' என்று சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்களே! உண்மை விளம்பி என்று யார் இவளுக்குப் பட்டம் கொடுக்கப்போகிறார்கள்?

"கோவமாடி?" என்றாள் இறங்கும்போது.

"உம்மேல இன்னாத்துக்குக் கோவம்?" என்றாள் ரூபா. "நீ மாத்திச் சொல்லியிருந்தா ரெண்டு பேரும் இல்லாத கதையப் பேசிக்கினு இருந்திருப்போம்." சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

திங்கட்கிழமை போனது, தகவல் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை பஸ் நின்றதும் ரூபா ஓடிவந்தாள். சிரிப்பு காதுவரை இருந்தது.

"க்கா, சுருக்கமா சொல்லட்டா?"

"சொல்லுடி சீக்கிரம்!"

"நேத்து சாயங்காலம். வேலைக்குக் கெளம்பறதுக்கு சோறு துன்னுக்கினு இருக்கேன். நைனா வாசல்லதான் கட்டில்ல ஒக்காந்துக்கினு இருக்காரு. கதவு தெறந்துதான் கெடக்குது. திருப்பதிலருந்து பஸ் ஏறி வந்து, நைனாவத் தாண்டி, தெறந்த கதவப் புடிச்சுக்கினு தட்றாருக்கா அந்த மனுஷன்! டொக்கு டொக்குன்னு! நைனா கேக்கறாரு, 'தெறந்துதான இருக்குது தம்பி, எதுக்குத் தட்றீங்க?' அவரு இன்னும் தட்டறாரு, நான் எழுந்து வர்ற வரைக்கும்."

"அப்புறம்?"

"முடிஞ்சுது. அடுத்த மாசம் நிச்சயம்."

சுலோச்சனா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடுரோட்டில் அழுதாள். டிரைவர் ஹாரன் அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். அடிக்கட்டுமே!

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பாலசுப்பிரமணியன் கேட்டார்: "என்னாச்சு அந்தப் பொண்ணு விஷயம்?"

சுலோச்சனா பையை வைத்துவிட்டு, கால் நீட்டி வசதியாக உட்கார்ந்தாள். "அது வந்துங்க, அந்த நாவல்ல மொதல்ல ஒரு தாத்தா இருந்தாரு..." என்று ஆரம்பித்தாள். அவர் எழுந்துபோய் ரசத்தை ஊற்றிக்கொண்டார்.