அப்பாவின் கிளப்பை ரத்து செய்த நாள்

அப்பா ஹைதராபாத் காஞ்சன்பாக் தொழிற்சாலையில் இன்ஜினியராக இருந்தவர். முப்பது வருடமாக செகந்திராபாத்தில் இன்ஜினியர்கள் கிளப் ஒன்றில் உறுப்பினர். சாயங்காலம் அங்கே சீட்டாடுவது ஒன்றுதான் அவருக்கு இருந்த ஆசை. பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போனபின், வருடச் சந்தா எதற்கு என்று எனக்குத் தோன்றியது. அவரிடம் கேட்கவில்லை. பிப்ரவரியில் நானே கிளப்புக்கு மெயில் அனுப்பினேன். பதில் வரவில்லை. ஏப்ரலில் புது வருடத்துக்கான பில் வந்தது.

சண்டை போடும் எண்ணத்தோடு போனேன். செயலாளர் அப்பாவோடு வருடக்கணக்காகச் சீட்டாடியவர். விதிப் புத்தகத்தைத் திருப்பி என் பக்கம் வைத்தார்.

“மெயில் செல்லாதும்மா. மெம்பர் கையெழுத்துப் போட்ட லெட்டர், வருஷம் முடிய முப்பது நாள் முன்னாடி வரணும்.”

“அவரால பேனா பிடிக்க முடியாது அங்கிள். உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும். அப்போ ரேகை வைக்கட்டும். ரெண்டு மெம்பர் சாட்சி போடணும், அவர் நேர்ல வரணும்.”

மறுநாள் “கிளப்புக்குப் போறோம்ப்பா” என்று மட்டும் சொன்னேன். அது பொய் இல்லை. அப்பா இடது கையாலேயே தலை சீவிக்கொண்டார். சட்டையை இரண்டு முறை மாற்றச் சொல்லிச் சைகை காட்டினார். காரில் வழியெல்லாம் சிரித்த முகமாக இருந்தார்.

சக்கர நாற்காலியைச் சீட்டு அறைக்குத் தள்ளாமல் ஆபீஸ் பக்கம் திருப்பியபோது, என்னை நிமிர்ந்து பார்த்தார். மேஜையில் நான் டைப் செய்த ராஜினாமாக் கடிதம் இருந்தது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முழுவதும் படித்தார். அவருக்கு மிஞ்சியிருந்த நாலைந்து வார்த்தைகளில் ஒன்று வெளியே வந்தது.

“நக்கோ.”

வேண்டாம் என்பதை, ஹைதராபாத் பழக்கத்தில், எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். சாட்சிக்கு வந்திருந்த இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் பார்த்தார்கள். செயலாளர் மைப்பெட்டியைத் திறந்தார்.

அப்பா இடது கையை மூடிக்கொண்டார். நான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். அவ்வளவு பலம் அந்தக் கையில் இருக்கும் என்று நினைக்கவில்லை. கட்டைவிரலை மையில் தோய்த்துக் காகிதத்தில் அழுத்தினேன். ரேகை கொஞ்சம் இழுபட்டிருந்தது. “பரவால்ல” என்று செயலாளர் நகலில் முத்திரை குத்திக் கொடுத்தார்.

“ஆனா இது அடுத்த மார்ச்சுலதான் அமலுக்கு வரும்மா. இந்த வருஷம் அவர் மெம்பர்தான். சந்தா கட்டிடு.”

கட்டினேன். அப்பா சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

அந்த வருடம் முழுக்க அவருக்கு அங்கே உரிமை இருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு வாசல் கதவைக் காட்டுவார். “கிளப் மூடியாச்சுப்பா” என்பேன். ஆபீஸ் வேலை முடிந்து அவரைத் தூக்கி காரில் ஏற்ற எனக்குச் சலிப்பாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். மழைக்காலம் முடிவதற்குள் கதவைக் காட்டுவதையும் நிறுத்திவிட்டார். எனக்கு அது நிம்மதியாக இருந்தது.